மாடி மண்டபத்தில் ரிசப்ஷன்: படிக்கட்டு, துணி, மைக், அப்புறம்தான் சிலிண்டர்

கேள்வி: தண்டையார்பேட்டையில் என் தங்கச்சி கல்யாண ரிசப்ஷன். முதல் மாடியில் ஹால், கீழே டைனிங். 700 பேர் வருவாங்க. கூரை முழுக்க துணி, மேடையில் கோல்டு பைரோங்கிற பொறி விடும் மத்தாப்புன்னு டெக்கரேஷன்காரர் பேக்கேஜ் சொல்றார். ஃபயர் சிலிண்டர் எல்லாம் இருக்கு, கவலைப்படாதீங்கன்னு மண்டபத்துல சொல்றாங்க. நாங்க வேற என்ன பார்க்கணும்? ஏதாவது ஆகி மைக்ல சொன்னா ஜனம் மிரண்டு ஓடாதா?

பதில்:

சிலிண்டரைக் கடைசியில் பார்ப்போம். முதலில் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போய் மாடிப்படியின் அகலத்தை அளந்துவிட்டு வாருங்கள். ஹால் முதல் மாடியில் இருப்பதால், தீப்பிடித்தால் எத்தனை பேர் நேரத்துக்கு வெளியே வருவார்கள் என்பதை அந்தப் படிதான் தீர்மானிக்கும்.

நம் நாட்டு தேசியக் கட்டடத் தொகுப்பு, அதாவது 2016-இல் வந்த பதிப்பு, இதற்கு எளிமையான ஒரு கணக்கு வைத்திருக்கிறது. படிக்கட்டு என்றால் ஓர் ஆளுக்கு 10 மில்லிமீட்டர் அகலம், சமதளத்தில் இருக்கும் கதவு என்றால் ஓர் ஆளுக்கு 6.5 மில்லிமீட்டர். படியில் ஆள் மெதுவாகத்தான் இறங்குவார், பட்டுப்புடவையும் கைக்குழந்தையும் சேர்ந்தால் இன்னும் மெதுவாக, அதனால்தான் படிக்கு அதிக அகலம் கேட்கிறார்கள். உங்கள் பக்கத்துப் பழைய மாடி மண்டபங்களில் சாதாரணமாகப் பார்ப்பது, முன்னால் 6 அடிப் படி ஒன்று, பின்னால் சமையல்கட்டுப் பக்கம் இறங்கும் 4 அடிப் படி ஒன்று. அதையே வைத்துப் போட்டுப் பார்ப்போம். 6 அடி என்பது சுமார் 1,830 மில்லிமீட்டர், அதாவது 183 பேர். 4 அடி சுமார் 1,220, அதாவது 122 பேர். இரண்டும் சேர்ந்து சுமார் 300 பேர்.

இப்போது ஹாலை அளந்து பாருங்கள். 80-க்கு 50 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள், மேடையையும் இதர இடங்களையும் கழித்தால் 3,500 சதுர அடி, அதாவது சுமார் 325 சதுர மீட்டர். நாற்காலி போட்ட கூடத்தில் ஓர் ஆளுக்கு 0.65 சதுர மீட்டர் என்பது அதே தொகுப்பின் கணக்கு. அப்படிப் பார்த்தால் 500 பேர் வரும். மண்டப மேனேஜர் '500 சேர் தாராளமா போடலாம்' என்று சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான், அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் உள்ளே 500 பேர் உட்காரலாம், இறங்க 300 பேருக்குத்தான் படி இருக்கிறது. நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது சின்ன எண்ணை. (கூட்டம் கூடும் கட்டடங்களில் படியே குறைந்தது 2 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்கிறது அந்தத் தொகுப்பு. பழைய மண்டபங்கள் பலவற்றில் அது இருக்காது, உங்கள் தேதிக்குள் யாரும் அதை இடித்துக் கட்டப்போவதும் இல்லை, எனவே கூட்டத்தைத்தான் படிக்குத் தகுந்தபடி வைக்க முடியும்.)

700 பேரும் ஒரே நேரத்தில் வர மாட்டார்கள் என்பது உண்மைதான், ஆனால் ரிசப்ஷன் என்றால் ஏழரையிலிருந்து ஒன்பது வரை நெரிசல் உச்சத்துக்குப் போகும், அந்த ஒன்றரை மணி நேரத்துக்குத்தான் ஏற்பாடு வேண்டும். மாடியில் 280 நாற்காலிக்கு மேல் போட வேண்டாம் என்று மண்டபத்தில் எழுதியே கொடுத்துவிடுங்கள். மீதி நாற்காலிகளைக் கீழே வாசலிலும் டைனிங் பக்கத்திலும் போட்டு, உங்கள் பேக்கேஜில் எல்.இ.டி. ஸ்கிரீன் ஏதாவது இருந்தால் அதில் ஒன்றைக் கீழே வைத்துவிட்டால் வயதானவர்கள் பாதிப்பேர் மாடி ஏறவே மாட்டார்கள். மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தவர்களை நேராகச் சாப்பிட இறக்கிவிடுங்கள்.

இதில் ஒரு சிக்கல் வரும், பந்தி வரிசை. கீழே இடம் கிடைக்காதபோது அடுத்த பந்திக்குக் காத்திருப்பவர்கள் எங்கே நிற்பார்கள்? படியில். ஒரு படிக்கு இரண்டு பேர், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, குழந்தைகள் நடுப்படியில் உட்கார்ந்து. எல்லா மண்டபத்திலும் எட்டரை மணிக்கு இந்தக் காட்சியைப் பார்க்கலாம். உங்கள் 6 அடிப் படி அந்த நேரத்தில் 2 அடிப் படி. எனவே பந்தி வரிசை கீழ்த்தளத்தில், நாற்காலி போட்டு உட்கார வைத்து நடக்க வேண்டும். சாப்பாட்டைக் கவனிக்கும் சித்தப்பாவோ மாமாவோ ஒருவர் இருப்பாரே, அவரிடம் இந்த ஒரு வேலையையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்: படியில் யாரும் நிற்கக் கூடாது.

பின்படிக்கு வருவோம். மண்டபம் பார்க்கப் போகும் பகல் பதினொரு மணிக்கு அது காலியாக, சுத்தமாக இருக்கும். ரிசப்ஷன் அன்று மாலை அதே படியில் தண்ணீர் கேன், வாழையிலைக் கட்டு, வெங்காய மூட்டை, சாம்பார் வாளி எல்லாம் ஏறியிருக்கும், கீழே கிரில் கேட்டில் பூட்டு தொங்கும். ஏன் பூட்டினீர்கள் என்றால், தெரியாத ஆள் சாப்பிட வந்துவிடுகிறான், பாத்திரம் காணாமல் போகிறது என்பார்கள். அவர்கள் கவலை நியாயமானதுதான், அதற்குப் பதில் அங்கே ஓர் ஆளை உட்கார வைப்பது, பூட்டுவது அல்ல. அந்தக் கூலியை நீங்களே கொடுத்தாலும் சரி. 'சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கு' என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள், புகை வந்த பிறகு வாட்ச்மேனைத் தேட நேரம் இருக்காது.

அப்புறம் அந்தப் படி எங்கே போய் முடிகிறது என்று கடைசி வரை இறங்கிப் பாருங்கள். நேராகப் பின்சந்துக்குப் போனால் நல்லது. சமையல்கட்டுக்குள்ளேயே போய் இறங்கினால், தீ சமையல்கட்டில் பிடிக்கும்போது அந்தப் படிதான் புகைபோக்கி, புகை முழுக்க அதன் வழியாக மேலே ஹாலுக்கு வந்துவிடும். அங்கே நடுவில் கதவு இருந்தால் அதை எப்போதும் சாத்தி வைக்க வேண்டும், பூட்டாமல். கதவே இல்லை என்றால் அந்தப் படியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அப்போது உங்கள் மாடிக்கு 180 பேர்தான். அந்த நிலைமை என்றால் வேறு மண்டபம் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன், முன்பணம் போனாலும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் ஸ்ரீரங்கம். 2004 ஜனவரி 23 அன்று அங்கே ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் முகூர்த்தம் நடக்கும்போது, வீடியோ விளக்குக்குப் போன மின்சார வயரிலிருந்து தீப்பொறி பறந்து மேலே போட்டிருந்த கீற்றுப் பந்தல் பற்றிக்கொண்டது. இறங்கும் வழி குறுகலானது. மணமகன் உட்பட 50 பேருக்கு மேல் இறந்தார்கள். மாடி, தலைக்கு மேல் எரியக்கூடிய அலங்காரம், போதாத படி, இந்த மூன்றும் அங்கே ஒன்றாகச் சேர்ந்தன. உங்கள் பேக்கேஜிலும் முதல் இரண்டும் இருக்கின்றன.

எனவே டெக்கரேஷன்காரரோடு உட்கார்ந்து பேச வேண்டியது இதுதான்: கூரைத் துணி வேண்டாம். மேடைக்குப் பின்னால் திரை வைக்கட்டும், பூ வைக்கட்டும், நாற்காலிகளுக்கு மேலே எதுவும் வேண்டாம். கீழே ஒரு நாற்காலி எரிந்தால் பத்து பேர் ஓடி வந்து அணைத்துவிடலாம். மேலே துணி பற்றினால் அது கூரை முழுக்க ஓடும், எட்டாது, பாலியெஸ்டராக இருந்தால் உருகி எரிந்துகொண்டே சொட்டுச் சொட்டாகத் தலையில் விழும். 1995 டிசம்பர் 23 அன்று ஹரியானாவின் டப்வாலியில் பள்ளி விழாவுக்குப் போட்ட செயற்கைத் துணிப் பந்தலில் நடந்தது அதுதான், 400 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகளும் தாய்மார்களும்.

'சார், இது ஃபயர் ப்ரூஃப் துணி' என்று அவர் சொன்னால் சந்தோஷம், ஒரு சாண் துண்டு கேளுங்கள். வீட்டுக்கு வெளியே, மண் தரையில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு, துண்டை இடுக்கியில் பிடித்துத் தொங்கவிட்டு, கீழ் முனையில் லைட்டரைப் பத்து விநாடி காட்டி எடுத்துவிடுங்கள். எடுத்ததும் தீ தானாக அடங்கிக் கருகி நின்றுவிட்டால் அது ஓரளவு நம்பக்கூடிய துணி. லைட்டரை எடுத்த பிறகும் மேலே ஏறி எரிந்தாலோ, எரியும் துளிகள் கீழே விழுந்தாலோ, அவர் என்ன சர்டிபிகேட் காட்டினாலும் அது ஹாலுக்குள் வரக்கூடாது. இன்னொன்று, மருந்து தெளித்த துணியைத் துவைக்கத் துவைக்க அந்தக் குணம் போய்விடும், பல கல்யாணம் பார்த்த துணியில் பழைய சர்டிபிகேட் எதையும் நிரூபிக்காது. தெர்மோகோல், ஸ்பாஞ்சு, பிளாஸ்டிக் பூ இவற்றுக்கும் இதே கதைதான், எரிந்தால் கறுப்புப் புகை, அந்தப் புகைதான் ஆளை முதலில் சாய்ப்பது.

கோல்டு பைரோவை எடுத்துவிடுங்கள். அதில் பேரம் வேண்டாம். பெயரில்தான் குளிர்ச்சி, உள்ளே எரிவது உலோகத்தூள், முனைக்குப் பக்கத்தில் நல்ல சூடு. 2023 செப்டம்பரில் ஈராக்கின் கரகோஷில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஆடிக்கொண்டிருக்கும்போது சுற்றி விட்ட பொறி கூரை அலங்காரத்தில் பற்றி 100 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். வீடியோவுக்கு நன்றாக இருக்கும் என்பார்கள், வெளியே வாசலில் மாப்பிள்ளை அழைப்பின்போது விடலாமா என்று கேட்டால்கூட, பந்தல் துணி இல்லாத திறந்த இடமாக இருந்தால் மட்டும் சரி.

டெக்கரேஷன்காரரிடம் பேச இன்னும் கொஞ்சம் இருக்கிறது. முன்வாசலில் அவர் வைக்கப்போகும் பொருள்களை ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். பெயர் போர்டு, தண்ணீர் ஊற்று, செல்ஃபி எடுக்கும் வளையம், சந்தனம் கல்கண்டு வைத்த வரவேற்பு மேஜை, அதற்கு எதிரே மொய் எழுதும் மேஜை, இரண்டு பக்கமும் வாழைமரம். இவ்வளவும் வந்தபின் 8 அடி வாசலில் நடக்க 3 அடி இருந்தால் அதிகம். மொய் மேஜையைச் சுவர் ஓரமாக உள்ளே தள்ளி வைக்கலாம், செல்ஃபி வளையத்துக்கு வேறு மூலை இருக்கிறது. செருப்புக்குப் படியடியிலிருந்து தள்ளி ஓர் இடம் ஒதுக்குங்கள், இறங்கி ஓடி வருகிறவர்கள் கடைசிப் படியில் செருப்புக் குவியலில் கால் வைத்து விழுந்தால் பின்னால் வருகிறவர்கள் அத்தனை பேரும் அவர்கள் மேல் விழுவார்கள். பக்கக் கதவுக்கு முன்னால் திரை கட்டுவது இன்னொரு பழக்கம், கதவு அசிங்கமாகத் தெரிகிறதாம். கதவுக்கு மேல் பச்சை விளக்கில் 'வெளியே செல்லும் வழி' என்று எரியுமே, அதையும் சேர்த்து மூடிவிடுவார்கள். அந்தப் பலகையும் கதவும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிய வேண்டும், இதை அட்வான்ஸ் கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் அவர் அதற்குத் தகுந்தபடி டிசைன் போடுவார், அன்று மாலை ஐந்து மணிக்குச் சொன்னால் சண்டைதான் வரும்.

நகை விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மணமகள் அறையில் நகை இருக்கிறது என்று அறையை வெளியே பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள், உள்ளே பாட்டியும் தூங்குகிற குழந்தையும் இருப்பார்கள். 'காவலுக்கு ஆள் இருக்கு, பூட்டும் போட்டாச்சு' என்று இரண்டு விதத்திலும் நிம்மதி. தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். ஆள் உள்ளே இருந்தால் தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் நகையை எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டு, ஆளை வெளியே உட்கார வையுங்கள்.

இனி மைக். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் தீ விபத்துகளில் நடப்பது பெரும்பாலும் நேர் எதிரானது. புகையைப் பார்த்ததும் கூட்டம் ஓடுவதில்லை. நிற்கிறது. ஏதோ ஸ்மோக் எஃபெக்ட் என்று நினைக்கிறது, செல்போனை எடுக்கிறது, பந்தியில் உட்கார்ந்தவர் பாயசம் வரட்டும் என்று இருக்கிறார். அந்த ஒன்றிரண்டு நிமிடம் வீணான பிறகு, வெப்பமும் கறுப்புப் புகையும் முகத்தில் அடிக்கும்போது எல்லோரும் ஒரே வாசலுக்கு, தாங்கள் ஏறி வந்த வாசலுக்கு ஓடுகிறார்கள். நெரிசல் அப்போதுதான் வருகிறது. சீக்கிரமே, தெளிவாக, எந்த வழி என்று சொல்லிவிட்டால் கூட்டம் கேட்கும்.

இதற்கு நல்ல சாட்சி ஒன்று உண்டு. 1977 மே 28 இரவு, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பெவர்லி ஹில்ஸ் சப்பர் கிளப் என்ற பெரிய விருந்து மண்டபத்தில் தீப்பிடித்தது. சற்று முன்னால் வரை கல்யாண ரிசப்ஷன் நடந்து முடிந்த ஒரு சின்ன அறையில்தான் தீ ஆரம்பித்தது. தள்ளி இருந்த பெரிய அரங்கில் நகைச்சுவை நிகழ்ச்சி போய்க்கொண்டிருந்தது, உள்ளே நிரம்பிய கூட்டம், யாருக்கும் எதுவும் தெரியாது. மேஜை துடைக்கும் வேலையில் இருந்த வால்டர் பெய்லி என்ற 18 வயதுப் பையன் நேராக மேடையேறி மைக்கை வாங்கி, இந்த மூலையில் ஒரு வழி இருக்கிறது, அந்த மூலையில் ஒரு வழி இருக்கிறது, பின்னால் ஒரு வழி இருக்கிறது என்று ஒவ்வொன்றையும் கையால் காட்டி, கட்டடத்தின் முன்பக்கம் தீ, எல்லோரும் வெளியே போங்கள் என்றான். பலர் எழுந்து போனார்கள். சிலர் அதையும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த விபத்தில் 165 பேர் இறந்தார்கள், அவன் அன்று பேசியிருக்காவிட்டால் அந்த எண் எங்கேயோ போயிருக்கும்.

அவன் சொன்னதில் மூன்று விஷயம் இருப்பதைக் கவனியுங்கள். தீ என்று நேராகச் சொன்னான், வழிகளை முதலில் காட்டினான், தீ எந்தப் பக்கம் என்று சொன்னான். 'சிறு தடங்கல் காரணமாக விருந்தினர்கள் ஒத்துழைக்கவும்' என்று சுற்றி வளைத்தால் யாரும் எழ மாட்டார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது, பேசுவதற்கு ஒருவரை முன்கூட்டியே முடிவு செய்வது. குரல் நடுங்காத, மேடைக்குப் பழக்கமான ஒரு மச்சானோ நண்பரோ போதும், மைக்செட்காரருக்கு அவர் முகம் தெரிந்திருக்க வேண்டும். அவர் கையைத் தூக்கினால் பாட்டு முழுதாக நிற்க வேண்டும், குறைப்பது இல்லை, நிற்பது. ஹால் விளக்கு எல்லாம் எரிய வேண்டும். பிறகு அவர் சொல்ல வேண்டியது கிட்டத்தட்ட இப்படி:

'எல்லாரும் இங்கே கவனிங்க. மேடைப் பக்கம் தீப்பிடிச்சிருக்கு. எல்லாரும் உடனே வெளியே போகணும். வாழைமரம் கட்டின முன்வாசல் ஒரு வழி. ஏசி பெட்டிக்குப் பக்கத்துல பச்சை விளக்கு எரியற கதவு இன்னொரு வழி, அதுவும் கீழே இறங்கும். கதவுக்குப் பக்கத்துல இருக்கறவங்க அந்தக் கதவுல போங்க. பை, நாற்காலி எதையும் எடுக்க வேண்டாம். உங்க குழந்தை கீழே இருந்தா அங்கே இருக்கறவங்க வெளியே கூட்டிட்டு வருவாங்க, தேடிக்கிட்டு திரும்பி வராதீங்க. கீழே இறங்கினதும் வாசல்ல நிக்காம தெருமுனைக்கு நடங்க.'

இடது, வலது என்று சொல்ல வேண்டாம், மேடையில் நிற்பவருக்கு இடது என்பது உட்கார்ந்திருப்பவருக்கு வலது. வாழைமரம், ஏசி, பச்சை விளக்கு என்று கண்ணுக்குத் தெரிவதைச் சொல்ல வேண்டும். ஒரே செய்தியை அதே வார்த்தைகளில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், அவர் தானும் வெளியேறும் வரைக்கும். தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை என்றால் கூட்டத்தில் தெலுங்கு பேசுகிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள், உருது, ஹிந்தி பேசுகிறவர்களும் வந்திருக்கலாம், உங்கள் சொந்தத்தில் அந்தப் பாஷை தெரிந்த ஒருவர் இரண்டு வரி சேர்த்துச் சொன்னால் பாட்டிமார்களுக்கும் புரியும்.

இதைவிட முக்கியம், ஒன்றும் ஆகாதபோதே சொல்லிவைப்பது. ஏழேகால் மணிக்கு வரவேற்புரை மாதிரி ஒன்று பேசுவார்களே, அதிலேயே 'வந்தவங்க எல்லாருக்கும் வணக்கம், சாப்பாடு கீழே, கைகழுவற இடம் இங்கே, வெளியே போக முன்வாசல், பச்சை விளக்குக் கதவுன்னு ரெண்டு வழி இருக்கு' என்று சேர்த்துவிடுங்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். எட்டரை மணிக்கு உட்கார்ந்திருக்கும் கூட்டம் வேறு என்பதால் அப்போது இன்னொரு தடவை.

மைக்கை நம்பும்போது ஒரு விஷயம் மறந்துபோகும். தீ என்றதும் எலெக்ட்ரீஷியன் முதலில் மெயினை இறக்குவார், ஆம்ப்ளிஃபையரும் செத்துவிடும், இருட்டும் வந்துவிடும். மேடை லைனுக்குத் தனி எம்.சி.பி. எது என்று முன்னமே பார்த்து ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள், முதலில் அதை மட்டும் இறக்கினால் போதும், ஜனம் வெளியேறிய பிறகு மெயின். அப்படியும் கரண்ட் போகலாம் என்பதால் பேட்டரியில் பேசும் கை மெகாபோன் ஒன்று மைக்செட்காரரிடமே கேட்டு வாங்கி, பேசப்போகும் ஆளிடம் கொடுங்கள். படிக்கட்டில் பேட்டரி விளக்கு இருக்கிறதா என்பதை, பகலிலேயே அந்த லைனை இறக்கச் சொல்லி எரிகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

சரி, சிலிண்டர். மண்டபத்தில் மாட்டியிருப்பது பெரும்பாலும் 6 கிலோ ஏ.பி.சி. பவுடர். அதன் முள் பச்சைக் கட்டத்தில் இருக்கிறதா, பின்னும் சீலும் அப்படியே இருக்கிறதா, சர்வீஸ் அட்டையில் இந்த வருஷத் தேதி இருக்கிறதா, ஹோஸ் வாயில் பூச்சிக் கூடு, அடைப்பு இல்லையா என்று பாருங்கள், அவ்வளவுதான். கரண்ட் போர்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சி.ஓ.டூ சிலிண்டரில் முள் இருக்காது, அதை எடைபோட்டுத்தான் நிரம்பியிருக்கிறதா என்று தெரியும், எனவே அதன் அட்டையில் எடையும் தேதியும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஹாலில் எங்கிருந்தாலும் 15 மீட்டர் நடையில் ஒன்று கையில் கிடைக்க வேண்டும். மேடைக்குப் பக்கத்தில் ஒன்று அவசியம், திரைக்குப் பின்னால் அல்ல, கண்ணில் படும்படி.

அந்த 6 கிலோ சிலிண்டர் எவ்வளவு நேரம் அடிக்கும் என்று பலருக்குத் தெரியாது. சுமார் 15 விநாடி, மிஞ்சினால் 20. நன்றாக எரியும் கூரைத் துணியை அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, ஆரம்பித்த இடத்திலேயே, இடுப்பு உயரத்துக்குள் இருக்கும்போது அடித்தால் மட்டும் அணையும். பின்னை இழுத்து, சுவாலையின் உச்சியை விட்டு அடியைப் பார்த்து, அழுத்தி, பக்கவாட்டில் வீச வேண்டும், வாசல் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். தீ ஆள் உயரம் தாண்டிவிட்டாலோ, மேலே எதையாவது தொட்டுவிட்டாலோ சிலிண்டரைக் கீழே போட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஒருவர் சிலிண்டர் எடுக்கும் அதே நேரத்தில் இன்னொருவர் மைக்குக்குப் போக வேண்டும், அணைகிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருந்தால் முதல் நிமிடம் போய்விடும்.

சமையல்கட்டில் எண்ணெய்ச் சட்டி பற்றினால் சமையல் மாஸ்டருக்குத் தெரிந்ததுதான், அடுப்பை அணைத்து மூடி போட்டு மூடுவது, தண்ணீர் மட்டும் ஊற்றக் கூடாது. சட்டியைவிடப் பெரிய மூடி ஒன்று கையெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். 19 கிலோ கேஸ் சிலிண்டர்கள் கட்டடத்துக்கு வெளியே நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும், பின்படிக்கு அடியில் அல்ல.

தெருவில் சாமியானா போட்டுச் செய்தால், ஆடி மாதம் அம்மன் கோயில் கூழுக்குத் தெருவையே மூடிப் போடுவது போல, படி பிரச்சினை கிடையாது. அங்கே பக்கத் துணியை நாலு பக்கமும் இழுத்துக் கட்டாமல் இரண்டு பக்கமாவது திறந்து விட வேண்டும், கணுக்கால் உயரத்தில் போகும் கயிற்றில் வெள்ளைத் துணி கட்ட வேண்டும், தலைக்கு மேல் போகும் மின்கம்பிக்குக் கீழே பந்தல் கூடாது, சீரியல் செட் வயரில் ஜாயிண்ட் துணியைத் தொடக் கூடாது. தீயணைப்பு வண்டி நுழையத் தெருவின் ஒரு பக்கமாவது அகலமாகத் திறந்திருக்க வேண்டும்.

வண்டி என்றதும், 101-க்கு அழைப்பதை ஒருவர் பெயருக்கு எழுதிவிடுங்கள், கிடைக்காவிட்டால் 112. எல்லோரும் யாரோ அழைத்திருப்பார்கள் என்று நினைப்பார்கள். அழைப்பவர் மண்டபத்தின் பெயரோடு முதல் மாடி, ஆள் உள்ளே இருக்கிறார்களா, பெரிய வண்டி எந்த ரோட்டிலிருந்து திரும்பி வர முடியும் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் ஒரு பக்கம் ரயில்வே கேட் மூடியிருக்கும், இன்னொரு பக்கம் கன்டெய்னர் லாரி நிற்கும். அன்று மாலை மண்டபத்துக்கு முன்னால் பைக் நிறுத்துவதைத் தெருவின் ஒரே பக்கமாக வைக்கச் சொல்லி இரண்டு பையன்களை நிறுத்துங்கள், ஆறு மணிக்கே நிறுத்துங்கள், ஏழரைக்கு மேல் ஒரு பைக்கைக்கூட நகர்த்த முடியாது.